ஏனெனில்: ஒரு சொல், இரண்டு வேலை

"மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனெனில் அங்கே புகை எழுகிறது." "மலையில் புகை எழுகிறது, ஏனெனில் அங்கே நெருப்பு இருக்கிறது." இரண்டு வாக்கியங்களிலும் மலை ஒன்றுதான், புகை ஒன்றுதான், நெருப்பு ஒன்றுதான். இரண்டையும் இணைப்பதும் 'ஏனெனில்' என்ற ஒரே சொல். ஆனாலும் அவை செய்யும் வேலை வேறு வேறு.

முதல் வாக்கியத்தைச் சொல்பவர் நெருப்பைப் பார்க்கவில்லை, கேட்பவரும் பார்க்கவில்லை. நெருப்பு உண்டா இல்லையா என்பதே அங்கே கேள்வி. புகையைக் காட்டி அவர் நெருப்பை நம்ப வைக்கிறார். இதற்கு வாதம் என்று பெயர். இரண்டாவது வாக்கியத்தில் புகையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை, எல்லோர் கண்ணுக்கும் அது தெரிகிறது. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில் விளக்கம். ஒன்று நடந்தது என்று நிறுவுவது வாதம். நடந்தது என்று ஏற்கெனவே தெரிந்த ஒன்று ஏன் நடந்தது என்று சொல்வது விளக்கம்.

மலை, புகை, நெருப்பு என்ற உதாரணம் இந்தியத் தர்க்க நூல்களில் மிகப் பழையது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் கற்பிக்கும்போது பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டுகிறார். அங்கேயும் புகையைக் கொண்டு நெருப்பை அறியும் உதாரணம் வருகிறது. இந்த வேறுபாட்டுக்குத் தமிழ் அணியிலக்கணம் தனிப் பெயர்களே வைத்திருக்கிறது என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. தண்டியலங்காரம் ஏது அணியைக் காரக ஏது, ஞாபக ஏது என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்றை உண்டாக்கும் ஏது காரகம். ஒன்றை அறியச் செய்யும் ஏது ஞாபகம். இங்கே ஞாபகம் என்றால் நினைவு என்று பொருளல்ல, அறிவிப்பது என்று பொருள். புகைக்கு நெருப்பு காரக ஏது, நெருப்புக்குப் புகை ஞாபக ஏது. தமிழில் இவ்வளவு துல்லியமான இணைச் சொற்கள் இருந்தும் இன்றைய பள்ளிப் பாடத்தில் அணிகளின் பட்டியலோடு அவை நின்றுவிடுவது இழப்புதான்.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் இதே வேறுபாட்டைக் கண்டார். அவர் எடுத்துக்கொண்டது கோள்கள். விண்மீன்கள் மின்னுகின்றன, கோள்கள் மின்னுவதில்லை. 'கோள்கள் மின்னுவதில்லை, ஆகவே அவை அருகில் இருக்கின்றன' என்பது ஓர் உண்மையைக் கண்டறியும் வழி. 'கோள்கள் அருகில் இருக்கின்றன, ஆகவே மின்னுவதில்லை' என்பது காரணத்தைச் சொல்லும் வழி. இங்கே இணைக்கும் சொல் 'ஆகவே'. 'ஏனெனில்' போலவே அதுவும் இரு பக்கமும் சாய்கிறது.

இந்த இரண்டையும் பிரித்தறிய வாசகர் முதலில் நாடுவது இத்தகைய அடையாளச் சொற்களைத்தான். ஏனெனில், ஏனென்றால், ஆகவே, எனவே, ஆகையால், அதனால், காரணம் ஆகியவை பேச்சிலும் எழுத்திலும் அடிக்கடி வருபவை. இவற்றோடு வினைக்குப் பின்னால் ஒட்டும் 'ஆல்' உருபும் உண்டு: பெய்ததால், இருப்பதால், என்பதால். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டதுமே இரண்டு கூற்றுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்று தெரிந்துவிடும். எது எதைத் தாங்குகிறது என்பதும் தெரியும். 'ஏனெனில்' என்ற சொல்லுக்குப் பின் வருவது தாங்கும் கூற்று, 'ஆகவே' என்ற சொல்லுக்குப் பின் வருவது தாங்கப்படும் கூற்று. அவ்வளவு வரை இச்சொற்களை நம்பலாம். தாங்குவது சான்றாகவா, காரணமாகவா என்பதை மட்டும் அவை சொல்வதில்லை.

அதைச் சொல்லும் சொற்கள் சில இருக்கின்றன. 'இதிலிருந்து தெரிகிறது', 'இதைக் கொண்டு அறியலாம்', 'இதற்குச் சான்று', 'இதற்கு ஆதாரம்' என்றால் அது பெரும்பாலும் வாதம். 'இதன் விளைவாக', 'இது நேர்ந்ததற்குக் காரணம்' என்றால் அது பெரும்பாலும் விளக்கம். 'குளம் நிரம்பியதற்குக் காரணம்' என்றால் நிரம்பிய நிகழ்ச்சி பேச்சில் உண்மையாக ஏற்கப்பட்டுவிட்டது. 'குளம் நிரம்பிவிட்டது என்பதற்கு ஆதாரம்' என்றால் நிரம்பியதா என்பதே இன்னும் வழக்கில் இருக்கிறது. 'என்பது' என்ற சிறு சொல் ஒரு நிகழ்ச்சியைக் கூற்றாக மாற்றிக் கேள்விக்கு உட்படுத்துகிறது.

தமிழில் இன்னொரு அடையாளம் இருக்கிறது. அது தனிச் சொல்லாக நிற்பதில்லை, வினைமுற்றில் இருக்கிறது. காலையில் கதவைத் திறப்பவர் தெரு ஈரமாக இருப்பதைப் பார்த்து, "ராத்திரி மழை பெய்திருக்கிறது" என்கிறார். "மழை பெய்தது" என்று சொல்வதில்லை. விழித்திருந்து மழையைப் பார்த்தவர்தான் பெய்தது என்பார். விளைவைப் பார்த்து ஊகித்தவர் பெய்திருக்கிறது என்கிறார், இன்னும் சற்றுத் தயக்கம் இருந்தால் பெய்திருக்கும், பெய்திருக்க வேண்டும், பெய்திருக்கும் போல என்கிறார். இந்த வினைமுடிவுகள் ஒரு கூற்று நேரில் கண்டதல்ல, வேறொன்றிலிருந்து வந்தடைந்தது என்று காட்டிக் கொடுக்கின்றன. 'ஏனெனில்' என்ற சொல்லுக்கு முன்னால் உள்ள வினை 'பெய்திருக்க வேண்டும்' என்று முடிந்தால், அந்த வாக்கியம் வாதம் என்பதற்கு அது வலுவான அறிகுறி.

வலுவான அறிகுறிதான், உறுதி அல்ல. "ஐப்பசி முடியப் போகிறது, இந்நேரம் மழை பெய்திருக்க வேண்டும்" என்று ஒரு விவசாயி வானத்தைப் பார்த்துச் சொன்னால் மழை பெய்யவில்லை என்றுதான் பொருள். அங்கே அதே வினைமுடிவு ஏமாற்றத்தைச் சொல்கிறது, ஊகத்தை அல்ல. 'அதனால்' என்ற சொல்லும் இப்படித்தான். "கத்தி மொக்கையாக இருந்தது, அதனால் காய் நறுக்க முடியவில்லை" என்பதில் அது காரணத்தைச் சொல்லலாம், வெறும் கருவியையும் குறிக்கலாம். 'பார்த்தால்', 'வந்தால்' என்பவற்றில் 'ஆல்' நிபந்தனைதான், சான்றும் அல்ல, காரணமும் அல்ல. "காலையிலிருந்து காய்ச்சல்" என்பதில் வரும் 'இருந்து' காலத்தைக் குறிக்கிறது. 'ஆக' என்று தொடங்கும் வாக்கியம் பல நேரம் எதையும் நிறுவுவதில்லை, பேச்சை முடித்து வைக்கிறது.

சொல் இருந்தும் ஏமாற்றுவது ஒரு பக்கம். சொல்லே இல்லாமல் வாதமும் விளக்கமும் நடப்பது இன்னொரு பக்கம். அன்றாடப் பேச்சில் அதுதான் அதிகம். "தோட்டத்துக் கிணறு வற்றிவிட்டது. இரண்டு வருடமாக மழை இல்லை." இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் எந்த இணைப்புச் சொல்லும் கிடையாது. கிணற்று மேட்டில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கும் உறவினரிடம் இதைச் சொன்னால் அது விளக்கம். அடித்தரை அவர் கண்ணுக்கே தெரிகிறது, ஏன் என்றுதான் அவர் கேட்கக்கூடும். அதே நிலத்தை வாங்கலாமா என்று தொலைவில் இருந்து போனில் விசாரிப்பவரிடம் உள்ளூர் நண்பர் ஒருவர் இதையே சொன்னால் அது வாதம். நண்பரும் அந்தக் கிணற்றைப் போய்ப் பார்க்கவில்லை, தரகரோ தண்ணீர் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். மழை இல்லை என்ற பொதுச் செய்தியைக் கொண்டு நண்பர் கிணற்றின் நிலையை ஊகிக்கிறார். சொற்கள் ஒன்றே. வேறுபடுவது பேசுபவரும் கேட்பவரும் எதை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான்.

ஆகவே அடையாளச் சொல்லைப் பார்த்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது: இரண்டு கூற்றுகளில் எது சந்தேகத்தில் இருக்கிறது? தாங்கப்படும் கூற்று சந்தேகத்தில் இருந்து, தாங்கும் கூற்று இருவருக்கும் தெரிந்ததாக இருந்தால் அது வாதம். தாங்கப்படும் கூற்று இருவருக்கும் தெரிந்ததாக இருந்து, தாங்கும் கூற்றுதான் புதிய செய்தி என்றால் அது பெரும்பாலும் விளக்கம். தமிழில் இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 'ஏனெனில்' இருக்கும் இடத்தில் 'இதை எப்படிச் சொல்கிறேன் என்றால்' என்று வைத்துப் பார்க்கலாம். பிறகு 'இது எப்படி நேர்ந்தது என்றால்' என்று வைத்துப் பார்க்கலாம். மலையில் நெருப்பு இருக்கிறது, இதை எப்படிச் சொல்கிறேன் என்றால் புகை எழுகிறது: பொருந்துகிறது. மலையில் நெருப்பு இருக்கிறது, இது எப்படி நேர்ந்தது என்றால் புகை எழுகிறது: பொருந்தவில்லை. வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் பொருத்தமும் திரும்பும்.

இந்தப் பிரிப்பு வெறும் பெயர் வைக்கும் வேலை அல்ல. ஒருவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால் மறுக்கும் முறையே இதைப் பொறுத்து மாறுகிறது. கிணற்று மேட்டில் நிற்பவரிடம், "மழை இல்லாதது காரணம் அல்ல, பக்கத்துத் தோட்டத்தில் ஆழ்குழாய் போட்டு ராப்பகலாக இறைக்கிறார்கள்" என்று சொல்லலாம். அப்போது விளக்கம் விழும், கிணறு வற்றியது அப்படியே நிற்கும். போனில் பேசியவரிடம், "மழை இல்லாவிட்டாலும் அந்தப் பக்கத்துக் கிணறுகளில் ஆற்று ஊற்று வருகிறது" என்று சொன்னால் வாதம் விழும். அதோடு கிணறு வற்றியது என்ற முடிவும் ஆதாரம் இல்லாமல் தொங்கும். அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். விளக்கத்தை வாதமாக எடுத்துக்கொள்பவர், யாரும் சந்தேகிக்காத ஒன்றுக்குச் சான்று போதாது என்று வீணாகச் சண்டை போடுவார். வாதத்தை விளக்கமாக எடுத்துக்கொள்பவர் அதைவிடப் பெரிய தவறு செய்கிறார். இன்னும் நிறுவப்படாத ஒன்றை நடந்ததாகவே வைத்துக்கொண்டு அதற்குக் காரணம் தேடத் தொடங்கிவிடுகிறார்.

வாதமும் விளக்கமும் ஒரே ஆராய்ச்சிக்குள் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதற்கு வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் செய்த வேலை நல்ல உதாரணம். அவர் 1846இல் அங்கே பிரசவப் பிரிவில் உதவி மருத்துவரானார். அந்த மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். 1846இல் முதல் பிரிவில் குழந்தை பெற்ற பெண்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள். இரண்டாவது பிரிவில் அது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. இது மருத்துவமனைப் பதிவேட்டில் இருந்த எண்ணிக்கை, யாரும் சந்தேகிக்கவில்லை. முதல் பிரிவில் சேர்க்கப்படாமல் இருக்க வேண்டும் என்று கர்ப்பிணிகள் கெஞ்சினார்கள். ஆக அங்கே தேவைப்பட்டது விளக்கம்.

விளக்கங்களுக்குப் பஞ்சம் இல்லை. காற்றில் பரவும் ஏதோ தீங்கு என்றார்கள். ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து இருந்த இரண்டு பிரிவுகளில் ஒன்றை மட்டும் காற்று தேர்ந்தெடுக்குமா என்ற கேள்வியில் அது விழுந்தது. நெரிசல் என்றார்கள். முதல் பிரிவுக்குப் பெண்கள் அஞ்சியதால் இரண்டாவது பிரிவில்தான் நெரிசல் அதிகம். சாகும் நிலையில் இருப்பவருக்கு இறுதிச் சடங்கு செய்யப் பாதிரியார் முன்னால் மணி ஒலிக்க வார்டுகள் வழியாக நடந்து போவது முதல் பிரிவில் மட்டும்தான், அந்தப் பயமே நோயாகிறது என்றும் ஒரு கருத்து இருந்தது. செம்மல்வைஸ் பாதிரியாரை மணி இல்லாமல் வேறு வழியாகப் போகச் செய்தார். இறப்பு குறையவில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பரான மருத்துவர் யாக்கோப் கோலெட்ஷ்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, காய்ச்சல் கண்டு இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் உடல்களில் காணப்பட்டவையாகவே இருந்தன. மாணவர்கள் பிணவறையில் வேலை செய்துவிட்டு நேராகப் பிரசவ அறைக்கு வந்தார்கள். மருத்துவச்சிகள் பிணவறைக்குப் போவதில்லை. பிணத்தின் துகள்கள் மாணவர்களின் கைகள் வழியே பெண்களின் உடலுக்குள் போகின்றன என்று செம்மல்வைஸ் முடிவுக்கு வந்தார். அந்த ஆண்டு மே மாதத்தில் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பிறகே பிரசவ அறைக்குள் நுழைய வேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18ஆக இருந்த இறப்பு ஜூனில் இரண்டு அளவுக்கு இறங்கியது. 1848 முழுவதும் சேர்த்தால் நூற்றுக்கு ஒன்றைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான்.

இந்தக் கதையில் வரும் மூன்று வாக்கியங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதலாவது: முதல் பிரிவில் இறப்பு அதிகம், ஏனெனில் மாணவர்களின் கைகளில் பிணத் துகள்கள் இருந்தன. இது விளக்கம். இறப்பு அதிகம் என்பது பதிவேட்டில் இருக்கிறது, துகள்கள்தான் புதிய செய்தி. இரண்டாவது: பிணத் துகள்கள்தான் காரணம், ஏனெனில் கை கழுவத் தொடங்கியதும் இறப்பு குறைந்தது. இது வாதம். துகள்களைப் பற்றிய கருத்து சந்தேகத்தில் இருக்கிறது, எண்ணிக்கை சந்தேகத்தில் இல்லை. மூன்றாவது: கை கழுவத் தொடங்கியதும் இறப்பு குறைந்தது, ஏனெனில் துகள்கள் நீங்கின. இது மறுபடியும் விளக்கம். இரண்டாவது வாக்கியத்தில் சான்றாக நின்ற அதே இறப்புக் குறைவு மூன்றாவதில் விளக்கப்படும் பொருளாக ஆகிவிடுகிறது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பவர், இது செக்குமாடு போல ஒரே வட்டத்தில் சுற்றுகிறதே என்று கேட்கக்கூடும். துகள்களுக்குச் சான்று இறப்புக் குறைவு, இறப்புக் குறைவுக்குக் காரணம் துகள்களின் நீக்கம். இரண்டும் வாதமாக இருந்தால் அது வட்டம்தான், ஒன்றும் நிறுவப்பட்டிருக்காது. ஆனால் ஒன்று வாதம், ஒன்று விளக்கம். இறப்புக் குறைந்தது என்பதை நம்பத் துகள்களை நம்ப வேண்டியதில்லை, பதிவேட்டில் எண்ணிப் பார்த்தால் போதும். சான்று ஒரு திசையில் போகிறது, காரணம் எதிர்த் திசையில் வருகிறது. புகையும் நெருப்பும் நின்ற அதே நிலைதான் இது. விஞ்ஞானத்தில் ஒரு விளக்கம் ஏற்கப்படுவதே பெரும்பாலும் இப்படித்தான்: எதை விளக்குகிறதோ அதையே தனக்குச் சான்றாகவும் காட்டுகிறது. அது போதுமா என்பது வேறு கேள்வி. செம்மல்வைஸிடம் அதற்கு மேலும் இருந்தது. கை கழுவியும் இறப்புக் குறையாமல் போயிருந்தால் அவர் கருத்து வீழ்ந்திருக்கும். மற்ற விளக்கங்கள் அத்தகைய சோதனையில் வீழ்ந்தன.

அவர் விளக்கமும் முழுமையானது அல்ல. பிணத்திலிருந்து மட்டுமே துகள்கள் வருகின்றன என்று முதலில் நினைத்தார். பிறகு சீழ் பிடித்த புற்றுநோய் இருந்த ஒரு பெண்ணைச் சோதித்துவிட்டு, கையை நன்றாகக் கழுவாமல் மற்றப் பெண்களைச் சோதித்தபோதும் பலர் இறந்தார்கள். அழுகும் பொருள் உயிருள்ள உடலிலிருந்தும் வரலாம் என்று விளக்கத்தை விரித்தார். கிருமிகள் என்ற உண்மையான காரணம் அவருக்குப் பின் வந்தவர்கள் கண்டது. விளக்கம் மாறிக்கொண்டே போனது. கை கழுவினால் இறப்புக் குறையும் என்ற முடிவு மாறவில்லை, ஏனெனில் அது நின்றது எண்ணிக்கையின் மேல், துகள்களின் மேல் அல்ல.

இயற்கையில் நடப்பவற்றைப் பிரிப்பது இவ்வளவு தெளிவு. மனிதர் செய்பவற்றில் அடையாளச் சொற்கள் இன்னொரு வகையில் தடுமாறுகின்றன. ஓட்டுநர் நிறுத்தத்தில் நிற்காமல் பேருந்தை ஓட்டிச் சென்றார். "ஏன்?" என்று கேட்டால், "வண்டியில் கால் வைக்க இடமில்லை, அதனால் நிறுத்தவில்லை" என்கிறார் நடத்துநர். இது அவர் நிறுத்தாததற்கு விளக்கம். கேட்டவரோ நிறுத்தாதது சரி என்பதற்கு வாதமாக இதை எடுத்துக்கொண்டு, "கர்ப்பிணி நின்றுகொண்டிருந்தாரே, அது நியாயமா?" என்று சண்டைக்குப் போகிறார். நடத்துநர் நியாயம் பேசவில்லை, நடந்ததைச் சொன்னார். ஆனால் நியாயத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கவும் கூடும், 'அதனால்' என்ற சொல்லைக் கொண்டு எது என்று சொல்ல முடியாது.

செயல்களைப் பற்றிய 'ஏன்' என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எது அவரை அப்படிச் செய்ய வைத்தது என்பது ஒன்று, அப்படிச் செய்தது சரியா என்பது இன்னொன்று. ஒரு கொலையாளியின் சிறுவயதுக் கொடுமைகளை விவரித்து அவன் ஏன் அப்படி ஆனான் என்று எழுதுபவரிடம், "கொலையை நியாயப்படுத்துகிறீர்களா?" என்று கோபப்படுவது இந்தக் குழப்பத்தால்தான். எழுதியவர் விளக்கியிருக்கிறார். அந்த விளக்கம் உண்மையா என்று கேட்கலாம், அதே வறுமையில் வளர்ந்த மற்றவர்கள் ஏன் அப்படி ஆகவில்லை என்று கேட்கலாம். அவை விளக்கத்தின் மேல் வைக்கும் சரியான கேள்விகள். நியாயப்படுத்தினாரா என்பது அவர் வேறெங்காவது அப்படிச் சொன்னாரா என்று படித்துப் பார்த்துத்தான் தெரியும். 'ஏனெனில்' என்ற சொல்லை வைத்துத் தெரியாது.

சில பத்திகளில் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் தீர்ப்பு கிடைப்பதில்லை. எழுதியவருக்கே எது சந்தேகம், எது ஏற்கப்பட்டது என்று தெளிவில்லாமல் இருந்திருக்கலாம். கேட்பவர்களில் பாதிப் பேர் முடிவை ஏற்றவர்களாகவும் பாதிப் பேர் ஏற்காதவர்களாகவும் இருக்கலாம், அப்போது ஒரே வாக்கியம் ஒரே நேரத்தில் ஒருவருக்கு விளக்கமாகவும் இன்னொருவருக்கு வாதமாகவும் போய்ச் சேர்கிறது. அங்கே செய்யக்கூடியது இரண்டு வகையாகவும் எடுத்துக்கொண்டு தனித்தனியே சோதிப்பதுதான். வாதமாக எடுத்தால் தாங்கும் கூற்று உண்மையா, அது முடிவை உண்மையிலேயே தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். விளக்கமாக எடுத்தால் தாங்கப்படும் கூற்று உண்மையில் நடந்ததா, அதற்கு வேறு காரணம் இருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.